மூன்று கையெழுத்து, ஒரே கோப்பு: ஒரு வாடகை ஒப்பந்தம் திரையிலேயே முடிந்த கதை

உரிமையாளர்கள் சார்பில் வாடகை வீடுகளைக் கவனித்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தங்களைத் தயாரித்து, கையெழுத்து வாங்கி, கோப்பில் சேர்ப்பது என் வேலை. இங்கே சொல்லப்போவது அப்படி வந்த ஒரு சாதாரண ஒப்பந்தம். இரண்டு அறை வீடு. ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கும் இருவர் சேர்ந்து எடுத்தார்கள். ஒருவர் பெண், ஒருவர் ஆண், இருவருக்கும் சம பொறுப்பு. உரிமையாளர் வயதான அம்மா, வேறொரு நேர மண்டலத்தில் மகனோடு இருக்கிறார். ஒப்பந்தம் 14 பக்கம், வீட்டில் உள்ள பொருட்களின் பட்டியல் 2 பக்கம். மூவரும் ஒரே மேசையில் உட்கார வழியில்லை என்பதால் மின் கையொப்பத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இது கடைசியில் ஒழுங்காக முடிந்தது. ஆனால் நடுவில் ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு வடிவங்கள் உருவாகி, மூன்றாவதும் உருவாகப் பார்த்து, எது அசல் என்று கேட்கும் நிலை வந்தது. அந்த இடம்தான் எழுதி வைக்கத் தகுந்தது.

அனுப்புவதற்கு முன்

மின் கையொப்பக் கருவியில் ஏற்றிய கோப்பு, எழுதும் செயலியிலிருந்து நேரடியாக பிடிஎஃப் ஆக்கியது. அச்செடுத்து ஸ்கேன் செய்ததை ஏற்றினாலும் கையெழுத்து வாங்கலாம்தான், ஆனால் ஸ்கேன் என்பது படம். அதில் தேட முடியாது, சிறிய திரையில் படிப்பதும் கஷ்டம். படிக்காமல் போட்ட கையெழுத்துதான் பின்னால் சண்டையாக வரும்.

பொருட்கள் பட்டியலை அதே கோப்பின் கடைசி இரண்டு பக்கங்களாகச் சேர்த்தோம். தனிக் கோப்பாக மின்னஞ்சலில் இணைத்து விட்டால் அதில் யாரும் கையெழுத்திட்டதாக ஆகாது. காலி செய்யும் நாளில் "அலமாரிக் கதவு அப்பவே உடைஞ்சிருந்தது" என்ற பேச்சு வரும்போது தேவைப்படுவதே அந்த இரண்டு பக்கம்தான். அதனால் அந்தப் பக்கங்களில் மட்டும் குத்தகைதாரர் இருவருக்கும் சுருக்கொப்பக் கட்டம் வைத்தோம். பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் கேட்பது காகிதப் பழக்கம். காகிதத்தில் ஒரு பக்கத்தை உருவி வேறு பக்கம் செருகலாம், அதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. முடிந்த மின் கோப்பில் அந்தக் காவலை, கடைசியில் கருவி இடும் டிஜிட்டல் முத்திரை பார்த்துக்கொள்கிறது. ஒருவர் படித்தாரா என்று உறுதி செய்ய வேண்டிய பக்கங்களில் மட்டும் கேட்டால் போதும்.

கையொப்பத்துக்குக் கீழே வரும் தேதியைக் கருவியே நிரப்பும்படி விட்டோம். தொகை, நோட்டீஸ் காலம், முன்பணம் போன்ற எதையும் கையெழுத்திடுபவர் தட்டச்சு செய்யும் கட்டமாக வைக்கவில்லை. நிரப்பாத இடம் இருக்கும் ஒப்பந்தத்தை அனுப்புவது, வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்பதற்குச் சமம்.

வரிசை: முதலில் குத்தகைதாரர் இருவர், கடைசியில் உரிமையாளர். கடைசிக் கையெழுத்து விழுந்ததும் கருவி கோப்பைப் பூட்டி எல்லாருக்கும் அனுப்பிவிடும். அந்தப் பூட்டைப் போடுபவர் வீட்டைக் கொடுப்பவராக இருப்பது நல்லது என்பது எங்கள் வழக்கம்.

முகவரி கேட்டபோது இருவரும் ஒரே மின்னஞ்சலைக் கொடுத்தார்கள். வீட்டுச் செலவுக்காகப் பொதுவாகத் தொடங்கியது, "இதுக்கே ரெண்டும் அனுப்பிடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார் அந்தப் பெண். ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரண மின் கையொப்பத்தில் ஒருவரை அடையாளம் காட்டும் முதல் ஆதாரமே அவருடைய அஞ்சல் பெட்டி. இரண்டு கையெழுத்தும் ஒரே பெட்டியிலிருந்து வந்தால், ஒருவரே இருவருக்கும் போட்டுவிட்டார் என்று நாளைக்கு யார் சொன்னாலும் மறுக்க ஒன்றும் கையில் இருக்காது. தனித்தனி முகவரி வாங்கி, கூடவே அவரவர் கைப்பேசிக்கு ஒருமுறைக் குறியீடு வரும்படியும் வைத்தோம்.

முதல் கையெழுத்து

முதல் குத்தகைதாரருக்கு இணைப்பு போனது மாலையில். திறந்தார், மின் பதிவுகளை ஏற்கிறேன் என்ற பெட்டியில் குறியிட்டார், குறியீட்டை இட்டார், கைப்பேசித் திரையில் விரலால் கையெழுத்திட்டு முடித்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழைப்பு.

"சார், கையெழுத்து கோழி கிண்டின மாதிரி வந்திருக்கு. என் பேங்க் கையெழுத்து மாதிரியே இல்ல. மறுபடி போடலாமா?"

தேவையில்லை என்றேன். இந்தக் கேள்வி பலருக்கும் வருவதால் கொஞ்சம் விளக்க வேண்டும். திரையில் தெரியும் கோடு வெறும் படம். விரலால் வரைந்தாலும், பெயரைத் தட்டி அழகு எழுத்தில் தேர்ந்தெடுத்தாலும், காகிதக் கையெழுத்தைப் படம் பிடித்து ஒட்டினாலும் அதன் தரம் ஒன்றே. பிற்காலத்தில் பேசப்போவது அந்தப் படத்தின் வளைவுகள் இல்லை. எந்த முகவரிக்கு எப்போது இணைப்பு போனது, எப்போது திறக்கப்பட்டது, குறியீடு சரிபார்க்கப்பட்டதா, எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த நொடியில் முடித்தார் என்று கருவி எழுதி வைத்திருக்கும் பதிவுதான் பேசும். ஒப்பந்தம் முடிந்ததும் இந்தப் பதிவு ஒரு சான்றிதழாக வரும். அதை ஒப்பந்தத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கணினியிலோ கைப்பேசியிலோ ஒரு பிடிஎஃப் செயலியைத் திறந்து, கையெழுத்துப் படத்தை நாமே ஒட்டி, சேமித்துத் திருப்பி அனுப்பும் வழியும் உண்டு. அச்சும் ஸ்கேனும் மிச்சம்தான், பார்க்கவும் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதன் பின்னால் பதிவு எதுவும் கிடையாது, அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றுதான் சாட்சி. ஒரு சாவி வாங்கிக்கொண்ட ரசீதுக்கு அது போதும். வருடக்கணக்கில் மூன்று பேரைக் கட்டும் ஒப்பந்தத்துக்கு அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாமவர் படித்தார்

இரண்டாவது குத்தகைதாரர் எல்லாவற்றையும் வரிக்கு வரி படிக்கும் ஆள். அப்படிப்பட்டவர் கிடைப்பது அபூர்வம். 9ஆம் பிரிவில் நோட்டீஸ் காலம் இரண்டு மாதம் என்றிருக்கிறது. முன்பணம் திருப்பித் தருவது பற்றிய 12ஆம் பிரிவிலோ "ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தபின்" என்று வருகிறது. உரிமையாளரின் குடும்பத்தார் கொடுத்த பழைய ஒப்பந்தத்திலிருந்து தொடர்ந்து வந்த முரண்பாடு அது. அதைப் பிடித்துவிட்டார்.

கருவியில் இதற்கு நேரான வழிகள் இருந்தன: கையெழுத்திட மறுத்துக் காரணம் எழுதலாம், அல்லது அனுப்பியவருக்குக் குறிப்பு விடலாம். இரண்டையும் விட்டுவிட்டு அவர் தெரிந்த வழியில் போனார். கையெழுத்துக்கு வந்த கோப்பை இறக்கி அச்செடுத்தார். 9ஆம் பிரிவில் "இரண்டு" என்பதைப் பேனாவால் அடித்து "ஒரு" என்று எழுதினார், பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டார். ஸ்கேன் செய்து எனக்கும் உரிமையாளரின் மகனுக்கும் அனுப்பிவிட்டார். நல்லெண்ணத்தில்தான்.

இப்போது கையில் இருந்தவை: கருவிக்குள் முதல் குத்தகைதாரர் மட்டும் கையெழுத்திட்டு நிற்கும் ஒப்பந்தம், அதில் இரண்டு மாதம். மின்னஞ்சலில் ஒரு ஸ்கேன், அதில் ஒரு மாதம், கூடவே முதலாமவரின் கையெழுத்தும் அச்சில் தெரிகிறது. அதாவது அவர் பார்க்கவே இல்லாத ஒரு திருத்தத்துக்குக் கீழே அவர் பெயர் நிற்கிறது. இதற்கிடையில் உரிமையாளரின் மகன் அந்த ஸ்கேனை அச்செடுத்து அம்மாவிடம் கையெழுத்து வாங்கத் தயாராக இருந்தார். அது மூன்றாவது வடிவமாகி இருக்கும்.

ஸ்கேனை நான் எப்படி அடையாளம் கண்டேன் என்றால், கோப்பைத் திறந்து ஒரு வரியை இழுத்துத் தேர்ந்தெடுக்கப் பார்த்தேன். முழுப் பக்கமும் படமாகப் பிடிபட்டது. மூலக் கோப்பில் எழுத்துகள் தனித்தனியாகப் பிடிபடும். சந்தேகம் வந்தால் பத்து நொடியில் செய்யக்கூடிய சோதனை இது. படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரியை ஸ்கேனில் ஓட்டியிருந்தால் மட்டும் ஏமாற்றும். அப்போது பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்தின் ஓரம் கலைந்து தெரியும்.

முதலாமவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அலுத்துக்கொண்டார். "சார், திருத்தம் எனக்கும் சம்மதம்தான். நான் போட்ட கையெழுத்தை எடுத்து புது பேப்பர்ல வச்சிடுங்களேன்."

தொழில்நுட்பப்படி அது ஒரு நிமிட வேலை. அதனால்தான் செய்யக் கூடாது. அவர் கையெழுத்திட்டது ஒரு குறிப்பிட்ட கோப்புக்கு. பதிவில் இருக்கும் நேரமும் குறியீடும் அந்தக் கோப்பைத்தான் சுட்டும். படத்தை வேறு கோப்பில் ஒட்டினால் படம் வரும், பதிவு வராது. அவருடைய வாய்மொழிச் சம்மதத்தை நம்பி நான் ஒட்டியிருந்தால், சட்டக் கண்ணில் அதற்கும் போலிக் கையெழுத்துக்கும் வித்தியாசம் காட்ட எனக்கு வழியில்லை.

ஒருவர் கையெழுத்திட்டபின் உள்ளிருக்கும் கோப்பை மாற்ற நல்ல கருவிகள் விடுவதில்லை, அதே காரணம்தான். ஆகவே முழுச் சுற்றையும் ரத்து செய்தேன். ரத்துக்கான காரணத்தில் "9, 12ஆம் பிரிவுகள் முரண், திருத்திய ஒப்பந்தம் தனியாக வரும்" என்று எழுதினேன், அது மூவருக்கும் போனது. ஸ்கேன் பிரதி செல்லாது என்று தனி மின்னஞ்சலில் எழுதி மூவரிடமும் "சரி" என்று பதில் வாங்கினேன். இந்தப் பதிலைக் கேட்டு வாங்குவது கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் வாங்காவிட்டால் பேனாத் திருத்தம் போட்ட தாள் யாராவது ஒருவர் பெட்டியில் அசல் மாதிரி தூங்கிக்கொண்டிருக்கும். உரிமையாளரும் ஒரு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். இரண்டு பிரிவுகளையும் திருத்தி, அடிக்குறிப்பில் பதிப்பு எண் சேர்த்து, புதிதாக அனுப்பினோம். எல்லாரும் மறுபடி முதலிலிருந்து கையெழுத்திட்டார்கள்.

தேதி மாறித் தெரிந்தது

இரண்டாம் சுற்றில் குத்தகைதாரர் இருவரும் 31ஆம் தேதி இரவில் முடித்தார்கள். உரிமையாளர் அவர் ஊரில் விடிந்ததும், 1ஆம் தேதி காலை 6:40 மணிக்கு முடித்தார். நாங்கள் பயன்படுத்திய கருவியில் அவர் கையொப்பத்தின் கீழே 1ஆம் தேதி என்றும், சான்றிதழில் 31ஆம் தேதி 20:40 UTC என்றும் வந்தது. வரிக்கு வரி படிக்கும் நம்மவர் உடனே கேட்டார், இது எப்படி என்று.

இரண்டும் ஒரே நொடிதான். சான்றிதழ் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, பக்கத்தில் விழும் தேதி கையெழுத்திட்டவர் இருக்கும் இடத்து நேரம். இதனால் வாடகைக் கணக்கு குழம்பாமல் இருக்க வேண்டுமானால், ஒப்பந்தத்துக்குள்ளேயே அமலுக்கு வரும் நாளை எழுதியிருக்க வேண்டும். எங்களுடையதில் "10ஆம் தேதி முதல்" என்று இருந்தது, கையெழுத்து எந்த நாளில் விழுந்தாலும் கவலையில்லை. "கையெழுத்திட்ட நாள் முதல்" என்று எழுதியிருந்தால் எந்த ஊர் நாள், யார் கையெழுத்திட்ட நாள் என்று கேட்க இடம் உண்டு.

முடிந்த கோப்பைச் சரிபார்த்தல்

மூவருக்கும் முடிந்த பிடிஎஃப் வந்தது. இந்த இடத்தில் பெரும்பாலோர் உலாவியிலேயே திறந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். உலாவியில் கையெழுத்துப் படங்கள் தெரியும், முத்திரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாமல் இருப்பது வழக்கம். கணினியில் அடோபி ரீடர் போன்ற ஒன்றில் திறந்தால் மேலே ஒரு பட்டை வரும்:

```
Signed and all signatures are valid.
```

கையொப்பப் பலகையைத் திறந்தால் முத்திரைக்குப் பின் கோப்பு மாற்றப்படவில்லை என்ற வரியும் இருக்கும். இது எப்படித் தெரிகிறது என்றால், முத்திரையிடும்போது முத்திரைக்கென விட்ட இடம் தவிர கோப்பின் மற்ற பைட்டுகள் முழுவதிலிருந்தும் ஒரு சுருக்க எண் கணக்கிடப்பட்டு, முத்திரையிடுபவரின் டிஜிட்டல் சான்றிதழுக்குரிய சாவியால் கையொப்பமிடப்பட்டு, கோப்புக்குள்ளேயே வைக்கப்படுகிறது. திறக்கும் செயலி அதே எண்ணை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் பொருந்தாது.

பலகையைப் பார்த்துவிட்டு உரிமையாளரின் மகன் பதறிப்போய் எழுதினார்: "இதுல எங்க அம்மா பேரே இல்ல, ஏதோ கம்பெனி பேர் இருக்கு." நியாயமான சந்தேகம். இந்த வகைச் சேவைகள் பலவற்றில் முத்திரை சேவை நிறுவனத்துடையதுதான். மூவரின் கையெழுத்துகளும் அவற்றின் நேரங்களும் பதிவுச் சான்றிதழில் இருக்கும்; அவை முடிந்தபின் கோப்பு மாறவில்லை என்பதற்கு நிறுவனம் தன் டிஜிட்டல் சான்றிதழால் முத்திரையிடுகிறது. ஒவ்வொருவரும் தன் பெயரிலுள்ள சொந்த டிஜிட்டல் சான்றிதழால் கையொப்பமிடும் வகை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 விதிமுறை இந்த வேறுபாட்டையே படிநிலைகளாக வைத்திருக்கிறது: சாதாரணம், மேம்பட்டது, தகுதி பெற்றது. கடைசி நிலைக்குத்தான் அங்கே கையால் இட்ட கையெழுத்துக்கு நிகரான மதிப்பு தானாகக் கிடைக்கிறது.

அதனால் எந்த நிலை வேண்டும் என்பதை அனுப்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்குப் பதிவோ, முத்திரைக் கட்டணமோ, சாட்சியோ, நோட்டரியோ கட்டாயமான இடங்கள் உண்டு; காலம் நீண்டால் மட்டும் கட்டாயமாகும் இடங்களும் உண்டு. மின் கையொப்பம் கையெழுத்தின் இடத்தை நிரப்பும், அந்த மற்றக் கடமைகளை நிரப்பாது. இந்த ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் தேவையில்லை என்று எங்கள் வழக்கறிஞர் முதலிலேயே எழுத்தில் சொல்லியிருந்தார்.

திருப்பி அனுப்பியபின் வந்த சிக்கல்

இரண்டு வாரம் கழித்து முதலாமவர் முகவரிச் சான்றாக இந்த ஒப்பந்தத்தை ஓர் இடத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. கோப்பு அளவு அங்கே விட்டதைவிடப் பெரியது. இணையத்தில் கோப்பைச் சுருக்கும் தளம் ஒன்றில் போட்டு, சின்னதாக்கி ஏற்றினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெரியதை அழித்துவிட்டு சின்னதை வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் "கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை" என்று திருப்பிவிட்டார்கள்.

சுருக்குவது என்றால் கோப்பைப் பிரித்து மறுபடி எழுதுவது. முத்திரை அங்கேயே போய்விடும், அல்லது உடைந்த நிலையில் நிற்கும். அச்சுக்குக் கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமிப்பது, இரண்டு கோப்புகளை ஒன்றாக்குவது, ஒரு பக்கத்தைத் திருப்பிச் சேமிப்பது எல்லாம் இதே கதைதான். பார்ப்பதற்கு எதுவும் மாறியிருக்காது என்பதுதான் இதில் தொல்லை. கட்டளை வரி பழக்கம் உள்ளவர்களுக்கு பாப்லர் தொகுப்பில் பிடிஎஃப் கையொப்பங்களைச் சரிபார்க்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. அவர் அனுப்பிய கோப்பில் ஓட்டினேன்:

```
$ pdfsig oppantham-small.pdf
File 'oppantham-small.pdf' does not contain any signatures
```

எங்களிடம் இருந்த மூலத்தில் ஓட்டியபோது `Signature is Valid.` என்றும் `Total document signed` என்றும் வந்தது. மூலத்தையே அவருக்கு மறுபடி அனுப்பினேன். சின்னதுதான் வேண்டும் என்று கேட்கும் இடத்துக்குச் சின்னதைக் கொடுக்கலாம், அது நகல் என்று தெரிந்துகொண்டு கொடுத்தால் போதும். அரட்டைச் செயலியில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்ப வேண்டும். பக்கங்களைப் படமாக எடுத்து அனுப்பினால் போய்ச் சேர்வது படம்தான்.

மின்னஞ்சலில் வந்த இணைப்பை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அனுப்பியவரின் கணக்கு மூடப்பட்டால், சந்தா நின்றால், இணைப்பு காலாவதியானால் கையில் ஒன்றும் இருக்காது. முடிந்த அன்றே ஒப்பந்தத்தையும் சான்றிதழையும் இறக்கி, இரண்டு வேறு இடங்களில் வைத்தால் தீர்ந்தது.

அலமாரிக் கதவு

குடிபோன முதல் வாரத்தில் பட்டியலில் ஒரு தவறு கண்டுபிடித்தார்கள். அலமாரிக் கதவின் கீல் ஒன்று ஏற்கெனவே கழன்றிருக்கிறது, பட்டியலில் "நல்ல நிலை" என்று இருக்கிறது. முடிந்த கோப்பைத் தொடவில்லை. ஒரே பக்கத்தில் இணைப்பு ஒப்பந்தம் தயாரித்து, மூல ஒப்பந்தத்துக்குக் கருவி கொடுத்திருந்த அடையாள எண்ணை முதல் வரியில் எழுதி, "பட்டியலின் 7ஆம் வரி இவ்வாறு திருத்தப்படுகிறது, மற்றவை அப்படியே நீடிக்கும்" என்று போட்டு, கீலின் படத்தையும் அதே பக்கத்தில் சேர்த்து, அதே வரிசையில் மூவருக்கும் அனுப்பினேன். இந்த முறை இரண்டாமவர்தான் முதலில் முடித்தார், வரிசையில் அவருக்கு முன்னால் இருந்தவருக்கு நினைவூட்டல் அனுப்பச் சொல்லி எனக்கு அழைத்த பிறகு. வரிசையைத் தளர்த்தி இருவருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டேன். குத்தகைதாரர்களுக்குள் யார் முன்னே என்பதில் எங்களுக்கு ஒன்றும் இல்லை, உரிமையாளர் கடைசியாக வந்தால் சரி.